சுவர் விரிசல், ஓதம், உப்பு, தேங்கும் தண்ணீர்: வீட்டு முடிப்பு வேலையில் எங்கே முறை தப்பியது?

வேலூர் வட்டாரத்தில் வீட்டு வேலை முடியும் கட்டத்தில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது யார் தப்பு சார்?" என்பதுதான். கொத்தனார் எலக்ட்ரிஷியனைக் காட்டுவார், எலக்ட்ரிஷியன் பிளம்பரைக் காட்டுவார், பெயிண்டர் மூன்று பேரையும் காட்டுவார். இருபது வருஷமாக இந்த வேலைகளை மேற்பார்வை பார்க்கிறேன். நான் பார்த்தவரை, தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொருவர் வேலையும் பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். ஒருவர் வரவேண்டிய நாளுக்கு முன்பே வந்திருப்பார். அல்லது மூன்று தடவை வரவேண்டியவர் ஒரே தடவையில் முடித்துவிட்டுப் போயிருப்பார்.

இந்த இரண்டாவது விஷயம்தான் மறுவேலைக்கு முக்கியக் காரணம். "முதலில் பூச்சு, அப்புறம் ஒயரிங், அப்புறம் பிளம்பிங், அப்புறம் டைல்ஸ், கடைசியில் பெயிண்ட்" என்று வரிசையாக ஒரு பட்டியல் பலர் கையில் இருக்கிறது. அப்படி ஒற்றை வரிசையில் எந்த வீடும் முடியாது. எலக்ட்ரிஷியன் மூன்று தடவை வரவேண்டும்: பூச்சுக்கு முன் சுவரை வெட்டிப் பைப்பும் பாக்ஸும் வைக்க, பூச்சு காய்ந்தபின் ஒயர் இழுக்க, முதல் கோட் பெயிண்ட் ஆனபின் சுவிட்சும் விளக்கும் மாட்ட. பிளம்பருக்கும் மூன்று: பூச்சுக்கு முன் பைப் ஓட்டிச் சோதிக்க, டைல்ஸ் போடும்போது தரைத் தண்ணீர் வெளியேறும் ட்ராப்பின் மட்டம் பார்க்க, கடைசியில் குழாயும் கிளாசெட்டும் மாட்ட. பெயிண்டருக்கு இரண்டு: தரைக்கு முன் பட்டி, பிரைமர், முதல் கோட், எல்லாரும் வெளியேறியபின் கடைசிக் கோட். கூலி பேசும்போதே இந்தத் தடவைகளாகப் பிரித்துப் பேசுங்கள். முழுப் பணமும் முதல் வருகையிலேயே போய்விட்டால் இரண்டாம் வருகைக்கு ஆள் வரமாட்டார்.

இனி கண்ணில் படும் அடையாளம் ஒவ்வொன்றாக.

சுவிட்ச் பாக்ஸிலிருந்து மேலே நேர்கோட்டில் விரிசல்

முதலில் விரிசலின் வடிவத்தைப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி சுவர் முழுக்க மயிரிழை விரிசல் இருந்தால் அது பூச்சு வேகமாகக் காய்ந்ததால் வந்தது. நம் ஊர் கத்தரி வெயிலில் காலையில் பூசிய சுவர் மதியத்துக்குள் வெளுத்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது தண்ணீர் காட்டியிருக்க வேண்டும். பீமும் செங்கல்லும் சேரும் கோட்டில் விரிசல் என்றால் அந்த இணைப்பில் கோழிவலை வைக்காமல் பூசியிருக்கிறார்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசல் இந்தக் கட்டுரையின் விஷயமே இல்லை. அதற்கு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஆனால் சுவிட்ச் பாக்ஸிலிருந்து கூரை வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் விரிந்திருந்தால், அந்தக் கோட்டுக்குப் பின்னால் எலக்ட்ரிகல் பைப் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தால் கோட்டின் மேலும், ஒரு அடி தள்ளியும் தட்டிப் பாருங்கள். கோட்டின் மேல் பொத்தென்று காலிச் சத்தம் கேட்கும்.

காரணம் இரண்டில் ஒன்று. பூச்சு முடிந்தபிறகு சுவரை வெட்டிப் பைப் வைத்து, மேலே வெறும் சிமெண்ட் பால் இழுத்து மூடியிருப்பார்கள். அல்லது பூச்சுக்கு முன்பே வெட்டியிருந்தாலும் ஆழம் போதாமல் பைப் செங்கல் முகத்தோடு சமமாக நிற்கும்; மேலே பூச்சு மட்டும்தான். பிவிசி பைப்பின் வழவழப்பில் கலவை பிடிக்காது.

ஒரு கணக்கு சொல்கிறேன். நாலரை அங்குலச் சுவர் என்றால் சுமார் 110 மி.மீ. நெட்டாக வெட்டும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, அதாவது 36 மி.மீ. பைப் 25 மி.மீ. அதற்கு மேல் 10 மி.மீ. கலவை. ஆக, இடம் சரியாக இருக்கிறது, மிச்சம் இல்லை. அதனால்தான் நாலரைச் சுவரில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பாக்ஸ் வைக்கக்கூடாது. படுக்கையாக வெட்டும் காடி ஆறில் ஒரு பங்குதான் போகலாம், 25 மி.மீ. பைப்புக்கு அது பற்றவே பற்றாது. "சுத்தியும் ஒரு ரவுண்ட் அடிச்சிட்டா ஒயர் மிச்சம்" என்று சொல்லும் ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூரைக்கு ஏற்றி, மேலிருந்து இறக்கட்டும்.

சரிசெய்ய: விரிசலின் இரு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் மெஷின் போட்டுக் கோடு கீறி, அந்தப் பட்டையைக் கொத்தி எடுங்கள். மெயின் அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பைப் மேலே நின்றால் ஆழப்படுத்தி உள்ளே தள்ளுங்கள். ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு நாலு பங்கு மணல் கலந்து காடியை நிரப்பி, ஆறு அங்குல அகலக் கோழிவலையை ஆணியடித்து, மேலே பூசி, ஏழு நாள் தண்ணீர் காட்டி, காயவிட்டுப் பட்டி பாருங்கள். பட்டியை மட்டும் திணித்து மூடினால் அடுத்த கோடையில் அதே கோடு திரும்ப வரும்.

ஒயர் இழுக்கும்போது பாதியில் சிக்கி நின்றால் அதுவும் இந்தக் கட்டத்துப் பிழைதான். பூசுவதற்கு முன் பாக்ஸுக்குள் சிமெண்ட் பைத் துண்டைத் திணிக்காததால் கலவை பைப்புக்குள் இறங்கி இறுகியிருக்கும். பூச்சுக்கு முந்தின நாள் ஒவ்வொரு பைப்பிலும் ஸ்பிரிங் ஒயரை விட்டுப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை.

பாத்ரூமின் முதுகுச் சுவரில் பெயிண்ட் உப்புகிறது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் தப்பான இடத்தை உடைக்கிறார்கள்.

காட்பாடி பக்கம் ஒரு வீடு. இரண்டு படுக்கையறை, கட்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. குடிவந்து இரண்டாம் மாதம் படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் போட்டது. ஒரு வாரத்தில் அது கீழே ஸ்கர்ட்டிங் வரை இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். வந்து பார்த்த முதல் ஆள் பாத்ரூம் தரையில் வாட்டர்புரூஃப் போய்விட்டது, மொத்த டைல்ஸையும் எடுக்கணும் என்று சொல்லிவிட்டார். அக்கா என்னைக் கூப்பிட்டபோது டைல்ஸ்காரர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது.

சுவரைத் தொடுவதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். சுவர் முதலிலிருந்தே காயாத ஈரமா? பாத்ரூம் தரையிலிருந்து ஏறுகிற ஈரமா? பைப்பிலிருந்து கசிகிற தண்ணீரா?

கொப்புளம் தொடங்கிய உயரமே பாதி பதில் சொல்லும். தரையிலிருந்து வரும் ஓதம் கீழிருந்து மேலே ஏறும். ஸ்கர்ட்டிங் ஓரத்தில் அகலமாகவும் மேலே போகப்போகக் குறைந்தும் இருக்கும். இங்கே நடுச்சுவரில் தொடங்கிக் கீழே இறங்கியிருந்தது. காயாத பூச்சு என்றால் ஒரே இடத்தில் நிற்காமல் சுவர் முழுக்கத் திட்டுத்திட்டாகத் தெரியும். இருந்தாலும் உறுதி செய்ய, ஒரு அடிச் சதுரப் பாலிதீன் தாளை எதிர்ச்சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினோம். 24 மணி நேரம் கழித்துத் தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம் விடுகிறது என்று அர்த்தம். வேர்க்கவில்லை. ஆக, வீட்டுச் சுவர்கள் காய்ந்துதான் இருக்கின்றன.

அடுத்து தரை. பாத்ரூம் ட்ராப்பில் துணியைச் சுற்றி அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விட்டோம். அந்த இரண்டு நாளும் அந்த பாத்ரூமுக்குப் போகிற வால்வை மூடிவிட்டோம். படுக்கையறைச் சுவரில் ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டைத் தாண்டி ஈரம் வரவில்லை; இன்னும் சொன்னால் ஓரம் கொஞ்சம் வெளுத்திருந்தது. தரை நன்றாக இருக்கிறது. டைல்ஸ்காரருக்கு வர வேண்டாம் என்று அக்கா போன் போட்டது அப்போதுதான்.

மூன்றாவது பைப். குழாய்களைக் கழற்றி வாயில் டம்மி பிளக் போட்டு, கைப்பம்பில் அழுத்தம் ஏற்றினோம். தொட்டி தலைக்கு மேல் 20 அடியில் இருந்தால் குழாயில் வரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோகூட இருக்காது. நாங்கள் 5 கிலோ வரை ஏற்றி மூடினோம். பச்சைத்தண்ணீர் லைனில் முள் நகரவில்லை. சுடுதண்ணீர் லைனிலும் நகரவில்லை. பிளம்பர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எல்லாக் குழாயையும் கழற்றிவிட்டுச் சோதித்ததுதான் பிசகு. குழாய் மாட்டியிருந்தபோது இருந்த ஏதோ ஒன்று இப்போது வெளியே வந்துவிட்டது.

கழற்றிவைத்த குழாய்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். வாளிக் குழாயின் பின்னால் ஒரு அங்குல நீளத்தில் பித்தளை எக்ஸ்டென்ஷன் நிப்பிள் இருந்தது. அதன் திருகு மறையில் சுற்றிய டெஃப்லான் டேப் பாதியில் கிழிந்து ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. குழாயின் உயரம் தரையிலிருந்து இரண்டரை அடி. கொப்புளம் தொடங்கிய அதே உயரம்.

அந்த நிப்பிள் அங்கே ஏன் வந்தது என்பதுதான் கதை. பிளம்பர் பைப் ஓட்டியபோது சுவர் வெறும் செங்கல். பித்தளை எல்போவின் வாயைச் செங்கல் முகத்துக்குச் சமமாக நிறுத்திவிட்டார். அதன்மேல் பூச்சு 15 மி.மீ., டைல்ஸ் ஒட்டும் பசை 4 மி.மீ., டைல்ஸ் 8 மி.மீ. ஏறியது. ஆக எல்போ 27 மி.மீ. உள்ளே போய்விட்டது, குழாயின் மறை எட்டவில்லை. எட்டாத இடத்துக்கு ஒரு அங்குல நிப்பிள். ஆக, டைல்ஸுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு மறை இணைப்பு கூடுதலாக உட்கார்ந்தது. வாளியைக் குழாயில் இடித்து இடித்து, நாளடைவில் அது தளர்ந்துவிட்டது.

பிளம்பர் வைத்த பைப்பில் குறை இல்லை, டைல்ஸ்காரர் வேலையிலும் குறை இல்லை. பூச்சின் முகம் எங்கே வரும் என்பதைக் கொத்தனார் குறித்துக் கொடுப்பதற்கு முன்பே பிளம்பர் வந்துவிட்டார். கொத்தனார் சுவரின் இரண்டு ஓரத்திலும் தூக்குக்குண்டு விட்டுச் சிறு கலவைத் துண்டு ஒட்டி மட்டம் வைப்பார், பாருங்கள். அந்த மட்டம் வைத்தபிறகு, அவற்றுக்கு நடுவே நூல் கட்டி, நூலிலிருந்து இன்னும் 12 மி.மீ. வெளியே எல்போவின் வாய் நிற்கும்படி வைத்திருந்தால் நிப்பிளே தேவைப்பட்டிருக்காது. சுவிட்ச் பாக்ஸுக்கும் இதே நூல்தான் அளவு. சுவிட்ச் தட்டு சுவரில் ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கிறது, அல்லது பாக்ஸ் உள்ளே முழுகி நீள ஸ்குரூ தேடி அலைகிறார்கள் என்றால், காரணம் நூல் கட்டாததுதான்.

சரிசெய்தது இப்படி. சுவர் நாலரை அங்குலம் என்பதால் பாத்ரூம் பக்கம் டைல்ஸைத் தொடவே இல்லை. "அந்தாண்ட டைல்ஸ ஒடைச்சா அதே கலரு எங்க கெடைக்கும் சார்? இந்தாண்டையே போவலாம்" என்று மேஸ்திரி சொன்னது சரி. படுக்கையறைப் பக்கமிருந்து ஒரு அடிச் சதுரம் திறந்து, எல்போவை அறுத்தெடுத்து, டைல்ஸ் முகத்துக்கு வருமாறு புது எல்போ வைத்தோம். சிபிவிசி பசை ஒட்டியபின் ஒரு நாள் முழுக்க விட்டு, குழாயையும் மாட்டிய நிலையில் மறுபடி அழுத்தம் ஏற்றி 24 மணி நேரம் பார்த்தோம். அப்புறம் கலவை, கோழிவலை, தண்ணீர். பட்டி பார்க்க ஒரு மாதம் கழித்துத்தான் பெயிண்டரை விட்டேன். அக்காவுக்கு அந்த ஒரு மாதம் சுவர் அசிங்கமாக இருந்தது வருத்தம்தான். ஆனால் ஈரச் சுவரை மூடினால் இரண்டாவது கொப்புளம் நிச்சயம்.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு பாத்ரூமின் முறை இது. பூச்சு மட்டம் வைத்தபின் பைப். பைப் ஓட்டி, மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை. ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை விரித்துப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது அந்தப் போட்டோதான் காப்பாற்றும். அடுத்து இறக்கிய தளத்தில் வாட்டர்புரூஃப், சுவரில் ஒரு அடி ஏற்றி. 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தபின் பள்ளத்தை நிரப்புவது. அப்புறம் சுவர்ப்பூச்சு. டைல்ஸ் போடும்போது சுவரில் இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். அடியில் ஒரு மட்டப்பலகை தாங்கும். சுவர் முடிந்து தரை போட்டபின் கடைசியாக அந்த அடிவரிசை. அப்போதுதான் சுவர் டைல்ஸ் தரை டைல்ஸின் மேல் உட்காரும், தண்ணீர் இடுக்கில் இறங்காது.

பெயிண்ட் உரிகிறது, வெள்ளைப் பொடி பூக்கிறது

மேலே சொன்ன கசிவு எதுவும் இல்லாமல், சுவரின் பல இடங்களில் பெயிண்ட் தோலாக உரிந்து அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது உப்பு. பூஞ்சையா உப்பா என்று சந்தேகம் வந்தால் பொடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து மறையும், பூஞ்சை கரையாது.

நம் வட்டாரத்தில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கிப் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பாகிவிட்டது. வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது இதைப் பற்றித்தான். அந்த போர் தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரை ஏழு நாள் சுவரில் அடித்தால் உப்பைக் காசு கொடுத்துச் சுவருக்குள் ஏற்றியது போல. குடிக்க ஏற்ற தண்ணீர் கலவைக்கும் ஏற்றது என்பது ஐ.எஸ். 456 சொல்லும் பொது அளவுகோல். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரைப் பூச்சுக்கு விடாதீர்கள். லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

தண்ணீர் நன்றாக இருந்தும் பூத்தால், பெயிண்டர் முன்கூட்டி வந்துவிட்டார் என்று பொருள். பூச்சு முடிந்து ஏழு நாள் தண்ணீர், அதற்குப்பிறகு நாலு வாரமாவது காற்றோட்டத்தோடு காயவிட வேண்டும். அதற்கு முன் பட்டி போட்டு மூடினால், உள்ளேயிருந்து வெளியேறப் பார்க்கும் ஈரம் உப்பையும் இழுத்துக்கொண்டு வந்து பட்டிக்குப் பின்னால் நிற்கும். பட்டி வீங்கி, பெயிண்டோடு சேர்ந்து கழன்றுவிடும்.

இங்கே பெயிண்டரை முன்கூட்டி வரவழைப்பது எப்போதும் கிரகப்பிரவேசத் தேதிதான். மார்கழியில் வைக்கமாட்டோம், தையில் வைத்துவிடலாம் என்று ஐயரிடம் நாள் குறித்துவிடுவார்கள். பூச்சு கார்த்திகையில் நடந்துகொண்டிருக்கும், வெளியே மழை. தை முதல் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். கடைசிக் கோட்டுக்கும் சாமான் மாட்டவும் இரண்டு வாரம். தரைக்கு இரண்டு வாரம். பட்டி, பிரைமர், முதல் கோட் இரண்டு வாரம். காய மழைக்காலம் என்பதால் ஐந்து ஆறு வாரம். தண்ணீர் காட்ட ஒரு வாரம். மொத்தம் பன்னிரண்டு பதின்மூன்று வாரம். ஐப்பசி பிறக்கும்போது பூச்சு முடிந்திருந்தால்தான் தை நாள் சரிவரும்.

தேதியை நகர்த்தவே முடியாது என்றால், பட்டியைத் தொடாமல் ஒயிட் சிமெண்ட் ஒரு கோட் அடித்து பால் காய்ச்சுங்கள். அது சுவர் மூச்சுவிடுவதைத் தடுக்காது. பங்குனியில் சுவர் நன்றாகக் காய்ந்தபின் பட்டியும் பெயிண்டும் போட்டுக்கொள்ளலாம். கலர் போடாத வீடா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஏற்கெனவே பூத்துவிட்ட சுவருக்கு: உரிந்ததைச் சுரண்டி, உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். இரண்டு வாரம் விட்டு மறுபடி பூத்தால் மறுபடி தட்டுங்கள். பாலிதீன் தாள் வேர்க்காமல், பொடியும் வராமல் நிற்கும் வரை பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள்.

பாத்ரூம் வாசலில் தண்ணீர் நிற்கிறது, கதவு தரையில் இடிக்கிறது

இவை இரண்டும் ஒரே வியாதி. வீட்டில் யாரும் தரை மட்டக் கோடு போடவில்லை.

பூச்சுக்கும் முன்பு, சுவர் வெட்டுவதற்கும் முன்பு, எல்லா அறைச் சுவரிலும் ஒரு கோடு வர வேண்டும்: முடிந்த தரை வரப்போகும் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர் மேலே. தண்ணீர் டியூப் போதும். பூசிய பிறகு கோடு மறைந்துவிடும், திரும்ப அடித்துக்கொள்ள வேண்டும். சிமெண்ட் தளத்திலிருந்து யாரும் அளக்கவே கூடாது, ஏனென்றால் அந்தத் தளம் அறைக்கு அறை ஒரு அங்குலம் ஏறி இறங்கியிருக்கும். பிளக் பாயிண்ட் கோட்டுக்குக் கீழே 700 மி.மீ., சுவிட்ச் கோட்டுக்கு மேலே 200 மி.மீ., கதவு நிலையின் அடி கோட்டுக்குக் கீழே 1000 மி.மீ. இப்படி எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து அளந்தால் சண்டை இல்லை.

பாத்ரூமுக்கு வாருங்கள். வாசலில் ஹாலைவிட 20 மி.மீ. தாழ்வு வேண்டும். வாசலிலிருந்து ட்ராப் 6 அடி, அதாவது 1800 மி.மீ. தூரம் என்றால் நூற்றுக்கு ஒன்று வாட்டம் வைத்தாலும் 18 மி.மீ. ஆக ட்ராப்பின் வாய் கோட்டுக்குக் கீழே 1038 மி.மீ.-இல் இருக்க வேண்டும். கோடு இல்லாத வீட்டில் பிளம்பர் சிமெண்ட் தளத்திலிருந்து கண்மதிப்பாக வைப்பார். ட்ராப் ஹாலைவிட வெறும் 12 மி.மீ. தாழ்வாக நின்றுவிடும். அங்கிருந்து 18 மி.மீ. வாட்டம் ஏற்றிக்கொண்டு வந்தால் வாசலில் பாத்ரூம் தரை ஹாலைவிட 6 மி.மீ. உயரமாகும். அது முடியாது என்று டைல்ஸ்காரர் வாட்டத்தைக் குறைப்பார். தண்ணீர் வாசலில் தேங்கும்.

எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க ஒரு குவளைத் தண்ணீரை வாசலோரம் ஊற்றுங்கள். மெதுவாகவாவது ட்ராப்பை நோக்கி நகர்ந்தால், வாசலில் 20 மி.மீ. கிரானைட் பட்டை ஒன்று படியாக வைத்தால் போதும். கதவை அதற்கேற்பக் குறைத்து, அறுத்த விளிம்பை அடைத்துவிட வேண்டும். தண்ணீர் அங்கேயே நின்றாலோ அறைப்பக்கம் திரும்பினாலோ பட்டை வைத்து ஏமாற்ற முடியாது. தரை டைல்ஸை எடுத்து ட்ராப்பை இறக்கத்தான் வேண்டும். எடுக்கும்போது வாட்டர்புரூஃப் அடிபடும், அதனால் அதையும் போட்டு 48 மணி நேரச் சோதனையும் திரும்பச் செய்ய வேண்டும். உடைப்புக்கூலியை மட்டும் கணக்குப் போட்டு இறங்கியவர்கள் பாதியில் நிற்பது இங்கேதான்.

கதவைப் பொறுத்தவரை, நிலை முதலில், பலகை கடைசியில். தச்சரிடம் தரை முடிந்தபின் அளவெடுக்கச் சொல்லுங்கள். தரைக்கும் கதவுக்கும் 5 மி.மீ. இடைவெளி போதும்.

புது டைல்ஸில் பெயிண்ட் சொட்டு, ஸ்கர்ட்டிங்குக்கு மேலே கோணல்

சொட்டி உலர்ந்த பெயிண்டை பிளேடு போட்டுச் சுரண்டினால் பளபளப்பு டைல்ஸில் கீறல் விழும். முதலில் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டுவையுங்கள், தண்ணீர் பெயிண்ட் இளகிவிடும். இது வந்ததற்குக் காரணம் உப்புத்தாள் தேய்ப்பும் சீலிங் வேலையும் தரைக்குப் பின்னால் நடந்தது. சில மேஸ்திரிகள் தரையை முதலில் போட்டு மேலே அட்டை விரித்துக்கொள்ளலாம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. சாரம் நகர்த்தும்போது அட்டை கிழியும், அடியில் மாட்டிய மணல் டைல்ஸை அறுக்கும்.

ஸ்கர்ட்டிங் கோணலுக்கு வேறு காரணம். சுவரோடு சமமாக ஸ்கர்ட்டிங் வேண்டும் என்றால் பூசும்போதே அடியில் நாலு அங்குலம் பூசாமல் விடச் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் கொத்தி எடுத்தால் விளிம்பு உடைந்து பட்டியால் ஒப்பேற்ற வேண்டிவரும், அந்த ஒப்பேற்றல்தான் கோணலாகத் தெரிகிறது. இப்போது இருக்கிற வீட்டில், ஸ்கர்ட்டிங் மேல் டேப் ஒட்டி நேர்கோடு பிடித்துப் பட்டி பார்த்து, கடைசிக் கோட்டை அந்தச் சுவர் முழுக்க மூலையிலிருந்து மூலைவரை அடிக்கச் சொல்லுங்கள். திட்டு மட்டும் தொட்டால் ஜன்னல் வெளிச்சத்தில் வேறு நிறமாகக் காட்டும். இதற்காகத்தான் கடைசிக் கோட்டுக்குக் கலந்த பெயிண்டில் ஒரு லிட்டரை மூடி இறுக்கி, கலர் எண்ணையும் டப்பா மேலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.